முதுமையில் முதல் கடவுச்சீட்டு: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதேச செயலகத்துக்குப் பக்கத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில் இருப்பதால் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலானோர் அறுபது, எழுபது வயது தாண்டியவர்கள். பிள்ளையைப் பார்க்கக் கனடாவுக்கோ லண்டனுக்கோ போக வேண்டும், உம்றாவுக்குப் போக வேண்டும், வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போக வேண்டும் என்று ஒரு தேவை வந்த பிறகுதான் அவர்களுடைய கடுதாசிகளை யாரோ முதல்முறையாக ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறேன். அவசரமானவர்கள் பெயர், பிறந்த திகதி பற்றிய கேள்விகளை முதலில் படியுங்கள். முதியவர்களின் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான்.

மனே, எனக்கு எழுபத்திமூணு வயசு. இந்த வயசில முதல் தடவையா பாஸ்போட் தருவாங்களா?

தருவார்கள். இலங்கைப் பிரஜைக்கு இத்தனை வயதுக்கு மேல் கடவுச்சீட்டு இல்லை என்று ஒரு விதியும் கிடையாது. நாற்பது வயதுக்காரருக்குக் கொடுக்கும் அதே பத்து வருடக் கடவுச்சீட்டுத்தான் உங்களுக்கும். மருத்துவச் சான்றிதழோ பிள்ளைகளின் சம்மதக் கடிதமோ கேட்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டை வழங்குவது நம்முடைய குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். விசாவைக் கொடுப்பது நீங்கள் போகும் நாடு. வங்கிக் கணக்கு, மகனின் அழைப்புக் கடிதம், காணி உறுதி எல்லாம் விசாவுக்குத்தான். கடவுச்சீட்டுக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

என்னென்ன கடுதாசி கொண்டுபோகணும்? கட்டுக்கட்டா இரிக்கு, எது வேணும் எண்டு தெரியல்ல.

முதல் கடவுச்சீட்டுக்கு வேண்டியவை சிலதுதான். நிரப்பிய K 35 A படிவம், பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, தேசிய அடையாள அட்டை, இவை இரண்டினதும் போட்டோகொப்பி, அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் படம் எடுத்ததற்கான பற்றுச்சீட்டு. கணவரின் பெயரோடு கடவுச்சீட்டு வேண்டும் என்றால் மட்டும் விவாகச் சான்றிதழ். தொழிலைப் போட விரும்பினால் அதை நிரூபிக்கும் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்தவர், இரட்டைப் பிரஜை, பதிவுப் பிரஜை ஆகியோருக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழும் வேண்டும்.

போட்டோகொப்பியை மட்டும் கொண்டுபோனால் வேலை நடக்காது. மூலப்பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியை எடுத்துக்கொள்வார்கள். மூலப்பிரதி மகளின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்றால் முதலில் அதை எடுத்துவாருங்கள்.

எங்க போகணும்? கொழும்புக்குத்தான் போகணுமா? எவ்வளவு காசு?

தலைமையகம் பத்தரமுல்லையில், சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. கண்டி, வவுனியா, மாத்தறை, குருநாகல் ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்திலும் ஒன்று திறந்தார்கள். மட்டக்களப்புக்காரர் பொலன்னறுவைப் பக்கமாக வவுனியா போகலாம். அம்பாறைக்காரருக்கு மகியங்கனை வழியாகக் கண்டி தோது. வயதானவரோடு இராப் பயணமாகக் கொழும்பு போய், விடிய வரிசையில் நின்று, அதே நாளில் திரும்புவது கடினமான வேலை. இயன்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள்.

2023 ஜூனில் இருந்து இணையவழியாக விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் விரல் அடையாளம் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. எல்லாப் பிரதேச செயலகத்திலும் அந்த வசதி இல்லை. உங்களுக்குக் கிட்ட எது என்பதையும், நேரில் போக முன்கூட்டியே திகதி எடுக்க வேண்டுமா என்பதையும் 1962 என்ற திணைக்கள இலக்கத்திலோ immigration.gov.lk என்ற தளத்திலோ கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். திகதி எடுக்கும் ஒழுங்கு அடிக்கடி மாறுகிறது. போன வருடம் போனவர் சொன்னதை நம்பி பஸ் ஏற வேண்டாம்.

2024 பெப்ரவரியில் உயர்த்திய கட்டணப்படி, சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. பயணத் திகதி முடிவாகாதவருக்குச் சாதாரண சேவையே போதும்.

என்ட விரல் தேஞ்சிபோச்சி. வயல் வேலை செஞ்ச கை. மெஷின்ல விழாட்டி என்ன செய்ற?

விரல் அடையாளம் எடுப்பது 16 வயது தொடக்கம் 60 வயது வரை உள்ளவர்களிடம்தான். அறுபதைத் தாண்டியவர் அந்தக் கவலையை விட்டுவிடலாம். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதுக்காரர் கட்டாயம் கொடுக்க வேண்டும். ரேகை தேய்ந்த கை என்றால் போவதற்கு முந்திய சில நாட்கள் இரவில் தேங்காய் எண்ணெய் பூசி, காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். தோல் வறண்டு வெடித்திருந்தால்தான் இயந்திரத்துக்குப் பிடிபடாது.

வீட்ட நல்ல போட்டோ இரிக்கு, பேத்தி எடுத்தது. அதக் குடுத்தா என்ன?

எடுக்க மாட்டார்கள். 2015இல் இருந்து கடவுச்சீட்டுப் படம் கடதாசியில் போவதில்லை. திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோ படத்தை எடுத்துக் கணினி வழியாக நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். உங்கள் கையில் தருவது ஒரு பற்றுச்சீட்டு மட்டும். அதில் இருக்கும் இலக்கத்தை வைத்துத்தான் படத்தைத் தேடி எடுப்பார்கள், ஆகவே அந்தச் சீட்டைப் பணத்தைப் போலப் பத்திரமாக வையுங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் சீட்டு வேறு, அது இதற்குச் செல்லாது. ஸ்டூடியோவில் "பாஸ்போட்டுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முக்காடு போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே படம் எடுக்கலாம். நெற்றியில் இருந்து நாடி வரை முகம் முழுக்கத் தெரிய வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு எடுப்பது நல்லது, வெளிச்சம் பட்டுக் கண் மறைந்தால் படம் தள்ளுபடியாகும்.

போம் இங்கிலீஷ்லதான் நிரப்பணுமாம். எனக்கு கையெழுத்தும் வராது. வேற ஆள் எழுதலாமா?

எழுதலாம். பெயர், விலாசம் எல்லாம் பெரிய ஆங்கில எழுத்தில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வர வேண்டும். எழுதிக் கொடுப்பவர் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதட்டும். நீங்கள் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதும்போதுதான் ஊரில் கூப்பிடும் பெயர் படிவத்துக்குள் வந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழின் இலக்கத்தையும் எந்த மாவட்டத்துப் பதிவு என்பதையும் அதிலேயே பார்த்து எழுத வேண்டும்.

கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மகன் போட்டுக் கொடுக்கக் கூடாது. தமிழிலும் போடலாம். கையெழுத்து வராதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். கையெழுத்துக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டிக் கோட்டில் முட்டாமல் உள்ளே அடங்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் படிவத்தைத் திரும்ப எழுதச் சொல்வார்கள். கை நடுங்குகிறவர்கள் வேறு கடதாசியில் அதே அளவுப் பெட்டி கீறிப் பழகிவிட்டுப் போடுங்கள்.

பிறப்புப் பத்திரத்தில வள்ளியம்மை. ஐடென்டிகாட்டில சின்னத்தம்பி வள்ளியம்மை. கலியாணப் பத்திரத்தில வள்ளிப்பிள்ளை. மூணும் நான்தான். இது சரிவருமா?

இப்படியே கொண்டுபோனால் சரிவராது. ஆனால் திருத்த வழி இருக்கிறது. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: உங்களுடைய பெயருக்கும் பிறந்த திகதிக்கும் அடிப்படை பிறப்புச் சான்றிதழ்தான். அடையாள அட்டை அதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால், ஏன் பொருந்தவில்லை என்பதை மூன்றாவது ஒரு கடுதாசி சொல்ல வேண்டும். இந்த அம்மாவின் விஷயத்தில் அந்த மூன்றாவது கடுதாசி விவாகச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழில் பெயர் வள்ளியம்மை, தகப்பன் பெயர் கந்தையா. கலியாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவர் சின்னத்தம்பியின் பெயர் முன்னால் வந்துவிட்டது. சின்னத்தம்பி யார் என்பதை விவாகச் சான்றிதழ் சொல்லும். ஆனால் அதில் மணமகள் பெயர் வள்ளிப்பிள்ளை என்று இருப்பதால், விளக்க வேண்டிய கடுதாசியே புதிய கேள்வியைக் கிளப்புகிறது.

இங்கே இரண்டு வழி. ஒன்று, விவாகச் சான்றிதழில் உள்ள பெயரைத் திருத்தி, கணவரின் பெயரோடு கடவுச்சீட்டு எடுப்பது. மற்றது, அடையாள அட்டையைப் பிறப்புச் சான்றிதழின்படி கந்தையா வள்ளியம்மை என்று மாற்றி, விவாகச் சான்றிதழைக் கடவுச்சீட்டு வேலைக்குள் கொண்டுவராமலே விடுவது. நான் சொல்வது இரண்டாவது வழி. கிராம உத்தியோகத்தரிடம் அடையாள அட்டைத் திருத்தப் படிவம் வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு பிரதேச செயலகம் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பினால் போதும். பழைய விவாகப் பதிவைத் திருத்துவது அதைவிட நீண்ட வேலை. புதிய அட்டை வந்த பிறகு படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கந்தையா, ஏனைய பெயர் என்ற இடத்தில் வள்ளியம்மை. இரண்டும் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கின்றன.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கனடாவில் இருக்கும் மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வள்ளிப்பிள்ளை என்று இருக்கலாம், அது விவாகப் பதிவைப் பார்த்து எழுதியது. அப்படியென்றால் விசாவுக்குப் போடும்போது "இவர்தான் என் தாய்" என்பதைக் காட்ட, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி தேவைப்படும். சமாதான நீதவான் முன்னிலையில் அதை இப்போதே முடித்து வையுங்கள். கடவுச்சீட்டு கிடைத்த பிறகு பெயரை மாற்ற ஓடுவதைவிட அது சுகம்.

எங்கட காலத்தில கலியாணம் எழுதுற இல்ல. தாலி கட்டினது கோயில்ல. ஆனா ஐடென்டிகாட்டில புருஷன்ட பேர்தான் இரிக்கு. என்ன செய்ற?

முந்திய பதிலில் சொன்ன இரண்டாவது வழிதான் உங்களுக்கு, ஏனென்றால் முதல் வழிக்கு விவாகச் சான்றிதழ் வேண்டும். பதிவில்லாத கலியாணத்தை வைத்துக் கணவரின் பெயரில் கடவுச்சீட்டு கேட்க முடியாது. அதற்காகக் கலியாணம் நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தகப்பன் பெயரோடு அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டும் அதே பெயரில் வரும்.

கணவர் உயிரோடு இருந்தால், இப்போதாவது விவாகத்தைப் பதிவுசெய்யலாமே என்று சிலரிடம் சொல்வேன். இருவருமாக ஒரே விசாவுக்குப் போகிறவர்களுக்கு அது உதவும். கடவுச்சீட்டுக்கு அது அவசியமில்லை.

பிறப்புப் பத்திரத்தில ஒரு வருசம், காட்டில இன்னொரு வருசம். ரெண்டு வருசம்தானே வித்தியாசம், பாப்பாங்களா?

பார்ப்பார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினால் சத்தியக்கடதாசியோடு விடக்கூடும். திகதி மாறினால் விட மாட்டார்கள். முதியவர்களில் இது நிறையப் பேருக்கு இருக்கிறது, காரணமும் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பும்போது பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை. "எத்தனை வயசிருக்கும்?" என்று கேட்டு, உத்தேசமாக ஒரு வருடமும் ஜனவரி முதலாம் திகதியும் போட்டுவிட்டார்கள்.

உங்கள் அட்டை எந்தத் திகதியைச் சொல்கிறது என்பதை அதன் எண்ணைப் பார்த்தே அறியலாம். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் வருடம் நான்கு இலக்கமாக வரும், நாள் கணக்கு அதேதான்.

ஓர் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் 1952 மார்ச் 23 என்று இருக்கிறது என்று வைப்போம். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 23, கூட்டினால் 83. பெண் என்பதால் 583. ஆகவே அட்டை எண் 52583 என்று தொடங்க வேண்டும். ஆனால் அவருடைய அட்டை 50501 என்று தொடங்குகிறது. அதாவது 1950 ஜனவரி 1. வீட்டில் இருந்தபடியே பிழை தெரிந்துவிட்டது, பத்தரமுல்லை வரை போய்த் திரும்பத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டையைத் திருத்துவதுதான் இதற்கு வழி. பிறந்த திகதியோடு எண்ணும் மாறினால், அஸ்வெசும, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் பழைய எண்ணில் இருக்கும். பழைய அட்டையின் போட்டோகொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, புதியது கிடைத்ததும் அந்த இடங்களுக்கும் அறிவியுங்கள்.

பிழை காட்டில இல்ல, பிறப்புப் பத்திரத்திலதான். பெண்ணை ஆண் எண்டு எழுதி வச்சிருக்காங்க.

பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால், பிறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயரை மாற்றுவதும் விடுபட்ட பெயரைச் சேர்ப்பதும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. திகதி, பால் போன்ற தகவல்களில் உள்ள பிழை 52ஆம் பிரிவு. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துப் படிவமும் கேட்கும் சான்றும் மாறும். ஆகவே "பிறப்புப் பத்திரம் திருத்தணும்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தக் கூட்டில் என்ன பிழை என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், சகோதரங்களின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் போன்ற பழைய கடுதாசிகள்தான் இங்கே கைகொடுக்கும். கடவுச்சீட்டுக்காக நேற்று எழுதிய கடிதத்தைவிட ஐம்பது வருடத்துக்கு முந்திய கடுதாசிக்குப் பெறுமதி அதிகம். திருத்தம் முடியும்வரை அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் கை வைக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், அப்புறம் அட்டை, அப்புறம் கடவுச்சீட்டு. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

என்ட பிறப்புப் பத்திரம் கிழியுது எண்டு மகள் லெமினேட் பண்ணித் தந்தா. இது செல்லுமா?

லெமினேட் பண்ணிய பத்திரத்தில் முத்திரையையும் பின்பக்கத்தையும் சரியாகப் பார்க்க முடியாது, அதனால் மறுப்பார்கள். மடித்த இடத்தில் எழுத்து அழிந்த பத்திரத்துக்கும் அதே கதிதான். அதை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். புதிதாக ஓர் உறுதிப்படுத்திய பிரதி எடுத்துவிடுங்கள். பழையதில் பதிவு இலக்கமும் திகதியும் வாசிக்க முடிந்தால் அது பெரிய உதவி. இலக்கம் தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேட வேண்டும், தேடும் காலம் கூடக் கூடக் கட்டணமும் கூடும்.

1960க்குப் பிறகு பதிவான பிறப்புகளுக்குப் பிரதியை நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். அதற்கு முந்தியவர்கள், அதாவது இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர், பதிவான பகுதிக்கே போக வேண்டியிருக்கும். வாகரையில் பிறந்து கல்முனையில் கலியாணம் முடித்தவர் கல்முனையில் கேட்டுப் பயனில்லை. புதிய பிரதி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயரையும் திகதியையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கையெழுத்தைப் பார்த்து எழுதும்போது எழுத்து மாறிவிடுவதுண்டு.

எனக்குப் பிறப்புப் பதிவே இல்ல. சூறாவளியில எல்லாம் போச்சி எண்டு அம்மா சொல்லுவா.

உங்கள் வீட்டில் இருந்த பத்திரம் 1978 நவம்பர் சூறாவளியில் போயிருக்கலாம், 2004 சுனாமியில் போயிருக்கலாம். அதற்காக அரசாங்கத்தின் பதிவும் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் தேடச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். பிறந்த வருடம் நிச்சயமில்லை என்றால் முன்பின் வருடங்களையும் தேடச் சொல்லுங்கள். ஊரில் கூப்பிடும் பெயரில் பதிவு இருக்கும், தகப்பன் பெயர் வேறு எழுத்தில் இருக்கும். பெயரே எழுதாமல் பெண்பிள்ளை என்று மட்டும் பதிந்திருப்பதும் உண்டு.

தேடியும் இல்லை என்று எழுத்தில் வந்த பிறகு, பிறப்பைக் காலங்கடந்து பதிவது ஒரு வழி. அதற்குப் போதிய சான்று இல்லாதபோது பதிவாளர் நாயகம் திணைக்களம் வழங்கும் உத்தேச வயதுச் சான்றிதழ் மற்ற வழி. இரண்டுக்கும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும், பிறப்புப் பத்திரத்தைத் திருத்துவது பற்றிய பதிலில் சொன்ன பழைய கடுதாசிகளும், உங்களை அறிந்த மூத்தவர்களின் சத்தியக்கடதாசியும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் அந்த இடத்தில் காட்ட வேண்டியது உத்தேச வயதுச் சான்றிதழைத்தான். அது மாதக்கணக்கில் இழுபடக்கூடிய வேலை. ஆகவே பயணத் திகதியை இதற்கு முன்னால் நிச்சயிக்க வேண்டாம்.

உம்றாவுக்குப் போகணும். காட்டில பாத்தும்மா, பிறப்புப் பத்திரத்தில பாத்திமா. இங்கிலீஷ்ல எப்படி எழுதுற?

பிறப்புச் சான்றிதழில் உள்ளதுதான் அடிப்படை, ஆகவே பாத்திமா. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கத்து மூத்த பெண்களுக்கு இது சாதாரணமாக வரும் சிக்கல். உச்சரிப்பு வேறுபாடுதானே என்று சத்தியக்கடதாசியோடு விடுவதும் உண்டு, அட்டையைத் திருத்திக்கொண்டு வரச் சொல்வதும் உண்டு. உம்றாக் குழுவின் திகதி கிட்ட இருந்தால் அந்த நிச்சயமின்மையை நம்பிப் போக வேண்டாம், அட்டையைத் திருத்திவிடுங்கள்.

புதிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். அந்த அட்டை உங்களிடம் இருந்தால் படிவத்தில் அதே எழுத்துக்கூட்டு. பழைய அட்டை என்றால் ஆங்கில எழுத்தை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கூடப் போகும் கணவரோ மகனோ தன் கடவுச்சீட்டிலும் விசாக் கடுதாசியிலும் உங்கள் குடும்பப் பெயரை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள்.

தொண்ணூறுகளில சவூதிக்குப் போக ஒரு பாஸ்போட் எடுத்த. பிறகு அது எங்க எண்டே தெரியா. முதல் தடவை எண்டு போடலாமா?

போடக் கூடாது. நீங்கள் முதல்முறை விண்ணப்பிப்பவர் அல்ல. பழைய பதிவு திணைக்களத்தில் இருக்கும், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டுத் தேடினால் வந்துவிடும். பொய்யான தகவல் கொடுப்பது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி குற்றம். தொலைந்தது என்று பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு உண்மையைச் சொல்லி விண்ணப்பியுங்கள். தண்டப்பணம் கட்டச் சொல்லலாம், ஆனால் வேலை நடக்கும்.

அந்தப் பழைய கடவுச்சீட்டில் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வேலைக்கு அனுப்பிய முகவர் வயதை மாற்றி எழுதிய கதை இந்தப் பகுதியில் பல பெண்களுக்கு உண்டு. எந்தத் திகதி சரி என்பதைப் பிறப்புச் சான்றிதழைக் காட்டி அங்கேயே விளக்குங்கள்.

திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன் எண்டும் விளங்கல்ல. இனி என்ன செய்ற?

முதலில் காரணத்தைக் கடுதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மொழி விளங்காவிட்டால் தமிழில் சொல்லும்படி கேளுங்கள், தமிழ் அரச கரும மொழி. "பெயர் பிழையாம்" என்று மட்டும் கேட்டு வீடு வந்தவர்கள், எந்தக் கடுதாசியில் எந்தப் பெயர் என்று தெரியாமல் பிழையில்லாததைத் திருத்தி வந்திருக்கிறார்கள். பிறகு அந்தக் காரணத்தை இந்தப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். பெயர் என்றால் வள்ளியம்மை பற்றிய பதில், திகதி என்றால் 583 கணக்கு, பத்திரம் தெளிவில்லை என்றால் லெமினேட் பற்றிய பதில், படம் இல்லை என்றால் ஸ்டூடியோச் சீட்டு. அநேகமாக இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தரகர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கடுதாசியில் என்ன திருத்தப் போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் மூலப்பிரதிகளை அவர் கையில் கொடுக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழும் அட்டையும் பொருந்தாமல் இருக்கும்போது வரிசையில் முன்னால் நிற்க வைப்பதால் ஒன்றும் மாறாது.

மகன் அடுத்த மாசத்துக்கு டிக்கெட் போட்டிட்டார். ஒருநாள் சேவையில எடுத்தா சரிதானே?

உங்கள் கடுதாசிகள் எல்லாம் பொருந்தினால் சரி. ஒருநாள் சேவை அச்சடிக்கும் நேரத்தைத்தான் குறைக்கும். பெயர் மாறியிருந்தால் 20,000 ரூபா கட்டத் தயாராக இருந்தாலும் அதே காரணத்துக்காகத் திருப்புவார்கள்.

ஆகவே மகனிடம் சொல்லி, திகதி மாற்றக்கூடிய டிக்கெட்தானா என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகவும் திகதியை எண்ணாகவும் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நாளைக்கே 1962க்கு அழைத்துத் திகதி எடுக்கும் முறையைக் கேட்கலாம். ஒன்றாக இல்லாவிட்டால் நாளைக்குப் போக வேண்டியது கிராம உத்தியோகத்தரிடம்.